காலி வீதியோடு மல்லுக்கட்டாமல்: கொழும்பில் வாரம் முழுக்க நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு வழி

ஊரில் நடந்தும் சைக்கிள் ஓடியும் பழகியவர்கள் கொழும்புக்கு வந்து ஆறு மாதத்துக்குள் ஒழுங்கை முனையில் உள்ள கடைக்குப் போகவும் ஆட்டோ பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதி ஓரமாக ஒரு தடவை நடந்து பார்த்தவருக்கு அடுத்த நாள் நடக்க மனம் வராது. நடைபாதை இருக்கிற இடத்தில் கடைப் பலகையும் மோட்டார் சைக்கிளும் நிற்கும். அவற்றைச் சுற்றி வீதியில் இறங்கினால் 100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வரும். புகை, ஹோர்ன், வியர்வை. இதில் என்ன உடற்பயிற்சி?

ஆனால் கொழும்பில் நடக்கலாம், சைக்கிளும் ஓடலாம். அதற்கு முதலில் நேரத்தைத் தெரிவு செய்ய வேண்டும், இரண்டாவதாக வீதியை, கடைசியாகத்தான் தூரத்தை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "நாளையிலிருந்து ஐந்து கிலோமீற்றர்" என்று தொடங்கி, இரண்டாவது கிழமையே விட்டுவிடுகிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் வந்து குடியேறுகிற வெள்ளவத்தையை வைத்தே இங்கே விளக்குகிறேன். வேறு பகுதிகளில் இருப்பவர்கள் இதே முறையைத் தங்கள் வீதிகளுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் நேரம்

கொழும்பின் காலைப் போக்குவரத்தை அலுவலகங்களை விடப் பாடசாலைகள்தான் தீர்மானிக்கின்றன. பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் 6.40 அளவிலேயே வான்கள் ஒழுங்கைகளுக்குள் நுழைந்துவிடும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பாடசாலைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வான் நின்று, பின்னால் நான்கு வாகனங்கள் ஹோர்ன் அடித்து, ஐந்தாவது வாகனம் நடைபாதையில் ஏறி முந்தப் பார்க்கும் நேரம் அது. அதன் பிறகு அலுவலக நெரிசல் வந்து 9 மணி வரை நீளும்.

ஆகவே வார நாள் காலையில் உங்களுக்குக் கிடைப்பது வெளிச்சம் வருவதற்கும் பாடசாலை வான் வருவதற்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே. அந்த இடைவெளி ஆண்டு முழுக்க ஒரே அளவாக இருப்பதில்லை. ஜூன் மாதத்தில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே உதித்துவிடும், 5.40க்கே நன்றாகக் கண் தெரியும். ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் சூரிய உதயம் 6.25 அளவில்தான். அந்த இரண்டு மாதங்களில் வெளிச்சம் வருகிறபோதே வான்களும் வந்துவிடும். புதுவருடத் தீர்மானத்தோடு ஜனவரியில் காலை நடையைத் தொடங்குபவர்கள் ஏன் இவ்வளவு வேகமாகக் களைத்துப்போகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வருடத்திலேயே மிக இறுக்கமான காலை அதுதான். ஜனவரியில் தொடங்குவதாக இருந்தால் மாலையில் தொடங்குங்கள். அப்போது மாலை 6.15 வரை வெளிச்சம் இருக்கும்.

நவம்பரில் நிலைமை நேர்மாறு. மாலை 5.50க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மாலை மழையும் சேர்ந்துகொள்ளும். காலையோ தெளிவாக இருக்கும். எனவே ஒரே நேரத்தை வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றினால் போதும்.

ஞாயிறும் போயா தினமும் தனிக் கணக்கு. அந்த நாட்களில் காலை 8 மணி வரை வீதி அமைதியாக இருக்கும். நீண்ட நடையையும் சைக்கிளையும் அந்த நாட்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீதி

காலி வீதியை நடக்கும் வீதியாக எண்ணாதீர்கள். அதை ஒரு ஆறாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: ஒரு இடத்தில் கடக்க வேண்டும், அதோடு சரி. வெள்ளவத்தையில் அதற்கு இணையாகக் கடல் பக்கம் மரைன் ட்ரைவ் ஓடுகிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகத் தெஹிவளைப் பக்கம் வரை நீளும் வீதி. அதற்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை இருக்கிறது. கடல் பக்கமாக இருக்கும் நடைபாதை, குறைகள் இருந்தாலும், காலி வீதியோடு ஒப்பிட்டால் நீளமாகத் தொடர்ந்து போகிறது. அந்தப் பக்கம் கடைகள் இல்லை. ஒழுங்கைகள் வந்து சேர்வதும் இல்லை. ஆகவே குறுக்கே திரும்பும் வாகனமும் குறைவு.

தூரத்தை ரயில் நிலையங்களை வைத்தே அளந்துகொள்ளலாம். வெள்ளவத்தை நிலையத்திலிருந்து பம்பலப்பிட்டி நிலையம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர், அங்கிருந்து கொள்ளுப்பிட்டி நிலையம் இன்னும் ஏறத்தாழ 2 கிலோமீற்றர். சாதாரண வேகத்தில் 2 கிலோமீற்றர் நடக்க 25 நிமிடம் ஆகும். நடுவில் களைத்தாலோ மழை வந்தாலோ மேலே ஏறிக் காலி வீதியில் பஸ் பிடிக்கலாம், நிலையம் கிட்ட இருந்தால் ரயிலும் பிடிக்கலாம். தொடங்குகிறவருக்கு இப்படி இடையில் விலகிக்கொள்ள வசதி இருக்கும் பாதைதான் நல்லது. திரும்பி வரும் பலத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. நடைபாதையில் இடம் போதவில்லை என்று ரயில் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிறவர்களை அங்கே தினமும் காண்பீர்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதை விடுங்கள், அது இரட்டைப் பாதை. ஒரு ரயில் போன சத்தம் அடங்குமுன் எதிர்ப்பக்கத்திலிருந்து மற்றது வரும். கடல் இரைச்சலில், அதுவும் காற்றுக் காலத்தில், முதுகுக்குப் பின்னால் வரும் ரயில் கிட்ட வரும் வரை கேட்காது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, பொரளை, நாரஹேன்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு நீளமான கடலோர வீதி கிட்ட இல்லை. அவர்களுக்கு சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா, காலி முகத்திடல், மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா என்று திறந்த இடங்கள் இருக்கின்றன. நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே போய் வரவே ஒரு மணி நேரம் ஆகுமென்றால் அதை வார நாளுக்கு வைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகளையே கோர்த்து ஒரு சுற்று கண்டுபிடியுங்கள். பிரதான வீதியைத் தொடாமல் 15 நிமிடச் சுற்று ஒன்று அநேகமாக எல்லாப் பகுதியிலும் கிடைக்கும். அதை இரண்டு தடவை சுற்றினால் அன்றைய நடை முடிந்தது.

ஒரு வாரம் எப்படி அமைந்தது

என் பெறாமகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹம்டன் லேன் பக்கம் அறை எடுத்து இருக்கிறாள். வேலை பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, 8.30க்குப் போக வேண்டும். நான் நடக்கச் சொன்னதும் அவள் சிரித்தாள். "சித்தி, நான் பள்ளிக்கூடத்துக்கே இதைவிடக் கூடத் தூரம் சைக்கிள் ஓடினனான். தூரம் பிரச்சினையில்லை. அந்த றோட்டைக் கடக்கத்தான் பயமாக் கிடக்கு" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். அவள் இருப்பது காலி வீதிக்கு நிலப்பக்கம், நடக்க வேண்டிய வீதி கடற்பக்கம். ஆகவே முதல் வேலையாக ஒரு ஞாயிறு காலை இருவரும் நடந்து, எங்கே கடப்பது என்பதை மட்டும் பார்த்து வந்தோம். வீட்டுக்கு நேரே உள்ள மஞ்சள் கடவையை விட்டுவிட்டு, கலர் லைட் உள்ள சந்தியைத் தெரிவு செய்தோம். அதற்காக மூன்று நிமிடம் கூட நடக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று நிமிடம் வீணில்லை, அதுவும் நடைதானே.

பிறகு வாரத்தை இப்படிப் போட்டோம். செவ்வாயும் வியாழனும் காலை 5.50க்குப் புறப்பாடு. ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஐந்து நிமிடம், கடந்து மரைன் ட்ரைவுக்கு இறங்க இன்னும் ஐந்து. அங்கிருந்து வடக்கே, புனித பேதுரு கல்லூரிக்குப் பக்கத்தால் வந்து கடலில் விழும் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலம் வரை பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். பாலத்தைத் தொட்டுவிட்டு அதே வழியால் வீடு. முழுதாக 45 நிமிடம். 6.35க்கு, வான்கள் வருமுன், வீட்டுக்குள்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து பஸ் ஏறாமல் பம்பலப்பிட்டியிலிருந்து மரைன் ட்ரைவ் வழியாக நடந்து வருவாள். அது 40 நிமிடம். காலையில் வேலைக்கே நடந்து போகலாமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். 7.45க்கு நடந்தால் நெரிசலின் உச்சத்தில் நடக்க வேண்டும், அதோடு கொழும்பின் ஈரக்காற்றில் அரை மணி நேரம் நடந்தவர் அலுவலகக் கதிரையில் நனைந்த சட்டையோடுதான் உட்கார வேண்டும். மாலையில் வியர்த்தால் வீட்டில் குளிக்கலாம். அலுவலகத்துக்கு நடக்கும் எண்ணம் பலருக்கு முதலில் வருகிறது, முதலில் உடைவதும் அதுதான்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும்.

கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 190 நிமிடம் வருகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்வது மிதமான உழைப்பில் வாரம் 150 நிமிடம். வேண்டுமென்றேதான் 40 நிமிடம் கூடப் போட்டோம். ஏனென்றால் கொழும்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது மழையோ, தாமதமான கூட்டமோ, திடீர் விருந்தாளியோ வந்து நடையைத் தின்றுவிடும். ஒரு நாள் போனாலும் கணக்கு 150க்குக் கிட்ட நிற்க வேண்டும். தவறிய நாளை அடுத்த நாளோடு சேர்த்து இரட்டிப்பாக நடக்கப் போகாதீர்கள். முழங்கால் நோகும், அதற்கடுத்த இரண்டு நாளும் போய்விடும்.

மிதமான உழைப்பு எது என்பதைக் கருவி இல்லாமலே அறியலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிகிறது என்றால் வேகம் காணாது.

முதல் இரண்டு கிழமை செவ்வாயும் ஞாயிறும் மட்டும் நடந்தாள். மூன்றாம் கிழமை புதன் சேர்ந்தது, ஐந்தாம் கிழமை வியாழன். நாட்களை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். அவள் தனியாகப் போவதால் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டோம்: விடிய முன் ஆள் நடமாட்டமில்லாத துண்டுகளைத் தவிர்த்து, ஏற்கெனவே காலை நடைக்கு வருகிறவர்கள் இருக்கும் பகுதிக்குள்ளேயே திரும்பி வருவது. ஒரே நேரத்துக்குப் போனால் ஒரு மாதத்தில் அந்த முகங்கள் எல்லாம் பழகிவிடும்.

நடைபாதை முடிகிற இடத்தில்

நடைபாதை இல்லாத வீதியில் வலது ஓரமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. கொழும்பு ஒழுங்கைகளில் சிக்கல் என்னவென்றால் அந்த வலது ஓரத்தில் ஒரு வான் நிறுத்தியிருக்கும். அதைச் சுற்றிப் போக வீதிக்குள் ஒரு மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். அப்படி இறங்குவதற்கு முன் நில்லுங்கள். வானின் மூலையில் நின்று எட்டிப் பாருங்கள், பின்னாலும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கத்தாலும் வரும். வானுக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள இடுக்கால் போகவே கூடாது. அந்த வான் பின்னுக்கு எடுக்கும்போது ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

கால் வைக்கும் இடமும் முக்கியம். நம் நடைபாதைகளில் பாதி, கானுக்கு மேல் போட்ட கொங்கிறீட் சிலாப்தான். ஆடுகிற சிலாப் எது என்று பகலில் மிதித்துப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். ஓரம் உடைந்து கம்பி தெரிகிற சிலாப்பில் நடுவில் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடைக்குப் போகும்போது இவற்றையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டால், அரையிருட்டில் நடக்கும் செவ்வாய்க்கிழமை அது கை கொடுக்கும்.

தொடர்மாடிகளின் வாசல் இன்னொரு இடம். கீழே உள்ள வாகனத் தரிப்பிடத்திலிருந்து கார் மேட்டில் ஏறி வரும்போது ஓட்டுநருக்கு வானம் மட்டுமே தெரியும், நடைபாதை தெரியாது. வாசலில் செக்கியூரிட்டி விசில் ஊதிக் கை காட்டுவார். அவர் கை காட்டுவது காருக்காக. வீதியில் வரும் வாகனங்களைத்தான் அவர் பார்க்கிறார். விசில் கேட்டால் உங்களைப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல் நின்றுவிடுங்கள்.

இனிக் கடவை. கலர் லைட் இல்லாத மஞ்சள் கடவையில் காலி வீதியைக் கடக்க நேர்ந்தால், முதல் வரிசை வாகனம் நிற்பது பெரிய விஷயமில்லை. அநேகமாக நிற்கும். ஆபத்து இரண்டாவது வரிசையில்தான். நின்ற பஸ் உங்களை முழுதாக மறைத்துவிடும். பஸ் ஏன் நின்றது என்று தெரியாமல், ஆள் ஏற்றத்தான் நின்றது என்று நினைத்து, அதன் மற்றப் பக்கத்தால் மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ வேகம் குறையாமல் வரும். ஆகவே நின்ற வாகனத்தின் முன்பக்கம் முடிகிற இடத்தில் நீங்களும் ஒரு கணம் நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்து, அடுத்த வரிசையும் நின்ற பிறகே போக வேண்டும். கொண்டக்டர் "வாங்க, வாங்க" என்று அவசரப்படுத்துவார். அவசரம் அவருக்கு.

தெருநாய்கள் விடியற்காலையில் ஒழுங்கைகளைத் தங்களுடையதாக நினைத்திருக்கும். குரைத்தால் ஓட வேண்டாம், நின்று மெல்லப் பின்வாங்கி வேறு ஒழுங்கையால் போங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் சிறிதென்றாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடுகிற விஷயமில்லை இது.

சைக்கிளை எப்போது சேர்ப்பது

நடை ஒரு மாதமாவது தொடர்ந்த பிறகு. அதற்குள் உங்கள் பகுதியின் எந்த ஒழுங்கை எந்த நேரம் அடைபடும், எங்கே சிலாப் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் காலுக்கே தெரிந்திருக்கும். அந்த அறிவு சைக்கிளுக்கு அப்படியே உதவும். சைக்கிள் வாங்குமுன் தொடர்மாடி நிர்வாகத்திடம் அதை எங்கே வைப்பது என்று கேட்டுவிடுங்கள். லிப்ட்டில் ஏற்ற விடாத இடங்கள் உண்டு, கீழே பூட்டி வைத்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

ஊர்ச் சைக்கிளைக் கொண்டு வருகிறவர்கள் பிரேக்கைக் கவனிக்க வேண்டும். பழைய சைக்கிள்களின் இரும்பு ரிம், நனைந்தால் பிரேக் கட்டையைப் பிடிக்காது. காய்ந்த வீதியில் நிற்கிற தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்த்தான் நிற்கும். ஊரில் அது பெரிதாகத் தெரியாது, முன்னால் வெறும் வீதிதான். இங்கே முன்னால் ஒரு பஸ்ஸின் பின்பக்கம் இருக்கும். அலுமினிய ரிம் உள்ள சைக்கிள் என்றால் நனைந்தாலும் பிடிக்கும். மாற்ற முடியாவிட்டால் மழை நாளில் அதை எடுக்காதீர்கள்.

முதல் மாதம் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை மட்டும். வெளிச்சம் வந்ததும் மரைன் ட்ரைவுக்கு இறங்கி வடக்கே கொள்ளுப்பிட்டி முனை வரை போய்த் திரும்பினால் போக 4, வர 4, ஆக 8 கிலோமீற்றர். அவசரமில்லாமல் ஓடினால் 40 நிமிடம். அந்த முனையைத் தாண்டி காலி முகத்திடலுக்குப் போக ஆசை வரும். அதற்குக் காலி வீதியில் ஏற வேண்டும், ஆகவே அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் பாதையில் போவதும் வருவதும் ஒரே மாதிரி இல்லை என்பதை முதல் நாளே உணர்வீர்கள். வாகனங்கள் இடது பக்கமாக ஓடும் நாடு என்பதால் வடக்கே போகும்போது நீங்கள் கடல் பக்கமாக ஓடுவீர்கள். அந்தப் பக்கம் ரயில் பாதை இருப்பதால் இடது கையில் ஒழுங்கை எதுவும் வந்து சேராது. நிறுத்தியிருக்கும் வாகனங்களின் கதவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அவற்றிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி ஓடுங்கள், எந்த நேரமும் ஒரு கதவு திறக்கலாம். தெற்கே திரும்பி வரும்போதோ நீங்கள் நிலப்பக்கம். காலி வீதியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையும் உங்கள் இடது பக்கத்தில் வந்து முட்டும். அங்கிருந்து வரும் ஓட்டுநர் கார் வருகிறதா என்று பார்ப்பார். சைக்கிள் அவர் கண்ணில் விழாது. ஒவ்வொரு ஒழுங்கை வாயிலும் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பிரேக்கிலும் விரலை வைத்துக்கொண்டு, வாகனத்தின் முன் சில்லைப் பாருங்கள். ஓட்டுநரின் முகத்தை விட, சமிக்ஞை விளக்கை விட, சில்லு உண்மை சொல்லும். அது உருளத் தொடங்கினால் நீங்கள் நிற்க வேண்டியதுதான்.

ஆட்டோவுக்கும் இதே பார்வைதான், கொஞ்சம் முன்கூட்டியே. உங்களை முந்திப் போன ஆட்டோ எப்போது இடது பக்கம் வெட்டி நிற்கும் என்பதை ஆட்டோவைப் பார்த்து அறிய முடியாது. நடைபாதையைப் பாருங்கள். இருபது, முப்பது மீற்றர் முன்னால் யாராவது கை நீட்டிக்கொண்டு நின்றால், அந்த ஆட்டோ அங்கேதான் நிற்கப் போகிறது. வேகத்தைக் குறைத்துப் பின்னால் நில்லுங்கள். பஸ்ஸும் அப்படித்தான், ஹோல்ட்டில் நின்றாலும் சரி, வீதியின் நடுவில் நின்றாலும் சரி, அதற்கும் நடைபாதைக்கும் இடையால் புகுந்து போகக் கூடாது. அந்த இடைவெளிக்குள் ஆட்கள் குதித்து இறங்குவார்கள்.

பின்னாலிருந்து ஒரு சின்ன ஹோர்ன் கேட்டால் பதறி ஓரத்துக்கு வெட்ட வேண்டாம். "நான் கடந்து போகிறேன்" என்பதுதான் அநேகமாக அதன் பொருள். போகிற கோட்டிலேயே போங்கள். வலது பக்கம் திரும்ப வேண்டிய சந்திகளில் நடுவீதிக்குப் போய்க் காத்திருக்கிற துணிச்சல் இப்போதைக்கு வேண்டாம். நேரே சந்தியைக் கடந்து, இடது ஓரத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு மஞ்சள் கடவையால் கடந்தால் அரை நிமிடம்தான் கூடச் செல்லும்.

மழையும் காற்றும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மரைன் ட்ரைவில் வடக்கே போகும்போது அது பின்னால் தள்ளிவிடும், நீங்களும் "இன்றைக்கு நல்ல வேகம்" என்று மகிழ்வீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் முதலில் தெற்கே தெஹிவளைப் பக்கம் ஓடிவிட்டு, பலம் குறைந்தபின் காற்றோடு திரும்பி வருவது புத்திசாலித்தனம். மே, ஜூனில் காலை மழையும் சகஜம் என்பதால் வாரத்தின் நாட்களை நிரந்தரமாகக் கட்டிப் போடாமல், நடக்காத நாட்களில் ஒன்றை மாற்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு வரும். புதன்கிழமை மாலை நடையை அந்த இரண்டு மாதமும் காலைக்கு மாற்றிவிட்டாள் பெறாமகள். கடலோரத்தில் நடக்கும்போது இடி கேட்டால் மழை வரும் வரை காத்திருக்காமல் உடனே ஒழுங்கைக்குள் ஏறி ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி உதவாது. பெருமழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கிய ஒழுங்கையில் இறங்காதீர்கள். சிலாப் இல்லாத கான் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கும், எலிக்காய்ச்சலும் அப்படித் தேங்கிய தண்ணீரால் வரக்கூடியது. அன்றைக்கு வீட்டுத் தொடர்மாடியில் படி ஏறி இறங்குங்கள். பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கும்.

கடலோரம் ஓடும் சைக்கிளுக்கு மழையை விட உப்புக்காற்றுதான் எதிரி. ஊரில் வருடக் கணக்கில் கிடந்த செயின் இங்கே சில கிழமைகளிலேயே செந்நிறமாகிவிடும். ஞாயிறு ஓடி வந்ததும் ஈரத் துணியால் சைக்கிளைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் அழுக்கு வந்துவிடும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி சைக்கிள் எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெயில் மணல் ஒட்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். பிரேக் கம்பி உறைக்குள் நுழைகிற இடத்தில் துரு தெரிந்தாலோ, கம்பியின் இழை ஒன்று அறுந்து நின்றாலோ, அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போடாமல் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.